பி.எஃப்., இ.எஸ்.ஐ. முதலாளி பங்கைத் தொழிலாளர் செலவில் சேர்ப்பது எப்படி: ஒரு பம்ப் தொழிற்சாலைக் கணக்கு

மாதச் சம்பளம் 17,000 ரூபாய். அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 81.73 ரூபாய். பல சிறு தொழிற்சாலைகளில் கொட்டேஷன் போடுபவர் கையில் இருக்கும் கூலி ரேட் இதுதான். அதே தொழிலாளியின் ஒரு மணி நேர வேலை தொழிற்சாலைக்கு உண்மையில் 111 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இடைவெளியில் ஏறக்குறைய பாதி, சம்பளப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத முதலாளி பங்கு. மீதிப் பாதி, சம்பளம் கொடுத்தும் வேலை நடக்காத மணி நேரம். இரண்டையும் சேர்த்து, வேலை நடந்த ஒரு மணிக்கு என்ன செலவு என்று கண்டுபிடிப்பதே இங்கே பார்க்கப்போகும் கணக்கு.

உதாரணத்துக்குக் கோயம்புத்தூர்ப் பாணியில் மோனோபிளாக் பம்ப் செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். சி.என்.சி. மெஷினிங் பிரிவில் 10 பேர், வைண்டிங்கிலும் அசெம்பிளியிலும் 30 பேர். கணக்கு எளிதாக இருக்க எல்லாருக்கும் ஒரே சம்பளம்: அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000, வீட்டு வாடகைப்படி 3,000. விகிதங்களும் விதிகளும் 2024-25 நிதியாண்டுக்கு உரியவை.

படி 1: எந்தத் தொகை மீது எந்தச் சதவீதம்

பி.எஃப்.க்கும் இ.எஸ்.ஐ.க்கும் அடித்தளம் வேறு வேறு. இதைக் கலந்துவிட்டால் பிறகு வரும் எல்லாமே தப்பு.

பி.எஃப். அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி மீது கணக்கிடப்படுகிறது. வீட்டு வாடகைப்படியும் ஓவர்டைமும் போனஸும் அதில் வராது. முதலாளி பங்கு 12 சதவீதம். அதில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்கும், மீதி 3.67 தொழிலாளியின் பி.எஃப். கணக்குக்கும் போகும். அது போக முதலாளி மட்டும் கட்டுவது இரண்டு: இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீட்டுக்கு 0.5 சதவீதம், நிர்வாகக் கட்டணம் 0.5 சதவீதம். ஆக மொத்தம் 13. பலர் 12 என்றே நினைவில் வைத்திருப்பதால் அந்த ஒரு சதவீதம் கொட்டேஷனில் காணாமல் போகிறது.

இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்தின் மீது. வாடகைப்படியும் உள்ளே வரும். 2019 ஜூலை முதல் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்கள் இதற்குள் வருவார்கள்.

நம் தொழிலாளிக்கு:

| இனம் | அடித்தளம் | விகிதம் | தொகை (₹) |
|---|---|---|---|
| பி.எஃப். + பென்ஷன் | 14,000 | 12% | 1,680.00 |
| இ.டி.எல்.ஐ. | 14,000 | 0.5% | 70.00 |
| பி.எஃப். நிர்வாகக் கட்டணம் | 14,000 | 0.5% | 70.00 |
| இ.எஸ்.ஐ. | 17,000 | 3.25% | 552.50 |
| மொத்தம் | | | 2,372.50 |

இது 17,000-க்கு 13.96 சதவீதம். "13-உம் 3.25-உம் சேர்ந்தால் 16.25" என்று மொத்தச் சம்பளத்தின் மீது போட்டால் 2,762.50 வரும். தலைக்கு மாதம் 390 ரூபாய் கூடுதல். நாற்பது பேருக்கு 15,600 ரூபாய். இல்லாத செலவைக் காட்டி ஆர்டரை இழப்பதற்கு இது போதும்.

விகிதத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு பிரிவின் சம்பள அமைப்பிலிருந்து எடுக்க வேண்டும். அடிப்படைச் சம்பளத்தின் பங்கு அதிகமாக உள்ள பிரிவில் இந்தச் சதவீதம் ஏறும், குறைவாக உள்ள பிரிவில் இறங்கும். ஆனால் படிகளைப் பிரித்துக் காட்டி பி.எஃப்.பைக் குறைத்திருந்தால் அந்தக் குறைந்த தொகையை நம்பி ரேட் போடாதீர்கள். எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கும் படியும் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆய்வு வந்து பழைய பாக்கி கேட்கும்போது, அந்தப் பம்புகள் எப்போதோ விற்றுப்போயிருக்கும்.

படி 2: சலானைப் பார்த்துச் செலவு எழுதாதீர்கள்

அடிக்கடி நடக்கும் தவறு இது. நம் தொழிலாளிக்காகக் கட்டும் பி.எஃப். சலானில் அவர் பங்கு 1,680, முதலாளி பங்கு 1,820, ஆக 3,500 ரூபாய். இ.எஸ்.ஐ.யில் அவர் பங்கு 127.50, அது மேல் ரூபாய்க்கு முழுமையாக்கப்பட்டு 128. முதலாளி பங்கு 552.50. இரண்டும் சேர்ந்து 680.50. வங்கியிலிருந்து போவது 4,180.50.

இந்த முழுத் தொகையையும் "பி.எஃப். இ.எஸ்.ஐ. செலவு" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் மொத்தச் சம்பளம் 17,000-ஐயும் செலவாக எழுதினால், 1,808 ரூபாய் இரண்டு முறை ஏறுகிறது. தொழிலாளியின் பங்கு அவர் சம்பளத்திலிருந்து பிடித்தது. அது 17,000-க்குள்ளேயே இருக்கிறது. சில இடங்களில் இதற்கு நேர்மாறாக, கைக்குக் கொடுத்த சம்பளமான 15,192-ஐ மட்டும் கூலியாக எழுதி, சலானில் உள்ள முதலாளி பங்கை மட்டும் சேர்ப்பார்கள். அப்போது அதே 1,808 கணக்கிலேயே இருக்காது.

சரியான பதிவு, ஒரு தொழிலாளிக்கு:

பற்று: கூலி 17,000, முதலாளி பங்கு 2,372.50.
வரவு: பி.எஃப். கொடுபடவேண்டியது 3,500, இ.எஸ்.ஐ. கொடுபடவேண்டியது 680.50, சம்பளம் கொடுபடவேண்டியது 15,192.

இரு பக்கமும் 19,372.50. இதுதான் அந்த மாதத்துக்கு அவர் ஆகும் செலவு. பதிவை மாதக் கடைசித் தேதியில் போட வேண்டும். சலான் கட்டுவது அடுத்த மாதம் 15-க்குள் என்பதால் கட்டும் நாளில் செலவு எழுதும் பழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்தால் மார்ச்சில் செய்த பம்பின் பி.எஃப். ஏப்ரலில் செய்த பம்பின் மேல் ஏறும். ஆர்டர் அதிகமாகி ஆள் கூட்டிய மாதங்களில் இது பெரிதாகத் தெரியும்.

கணக்கு மென்பொருளில் முதலாளி பங்குக்குத் தனி லெட்ஜர் வைத்து, அதைச் சம்பளம் எந்தப் பிரிவில் ஏறுகிறதோ அதே காஸ்ட் சென்டரில் ஏற்றுங்கள். வைண்டிங் ஆளின் பங்கு வைண்டிங்கில், ஸ்டோர்ஸ்காரர் பங்கு தொழிற்சாலை மேற்செலவில், அலுவலகக் கிளார்க் பங்கு நிர்வாகச் செலவில். சம்பளம் எங்கே போகிறதோ அங்கேதான் பங்கும் போக வேண்டும். இதற்குத் தனிப் பங்கீட்டு விதி எதுவும் தேவையில்லை.

படி 3: வேலை நடந்த மணிகளைக் கண்டுபிடிப்பது

365 நாளில் ஞாயிறு 52 போக 313. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறை ஆண்டுக்கு 9 நாள். அதுவும் போக 304. தொழிற்சாலைச் சட்டப்படி 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு. இங்கே 14 நாள். மீதி 290 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 2,320 மணி.

அத்தனை மணியும் பொருளில் இறங்குவதில்லை. டீ, கருவி மாற்றுவது, முந்தைய பிரிவிலிருந்து சரக்கு வரக் காத்திருப்பது என்று வழக்கமான இழப்பு இருக்கும். அதை ஊகிக்காமல், ஜாப் கார்டில் பதிவான மணியை வருகைப் பதிவின் மணியோடு மூன்று மாதத்துக்கு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். இங்கே 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,088 மணி, மாதச் சராசரி 174.

மின்தடையால் ஒரு வாரம் நின்றது, வேலை நிறுத்தம் நடந்தது போன்ற அசாதாரண இழப்பை இந்த 10 சதவீதத்துக்குள் நுழைக்கக் கூடாது. அந்த நாட்களின் சம்பளமும் அதற்குரிய பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் சேர்ந்தே இலாப நட்டக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். சம்பளத்தை மட்டும் வெளியே எடுத்துவிட்டுப் பங்கை உள்ளேயே விட்டுவிடுவது வழக்கமான கவனக்குறைவு.

உடல்நலமின்றி இ.எஸ்.ஐ. மருத்துவச் சான்றுடன் தொழிலாளி விடுப்பில் இருந்தால் அந்த நாட்களுக்கு இ.எஸ்.ஐ. நிறுவனம் உதவித்தொகை தரும். தொழிற்சாலை சம்பளம் தராது. அங்கே செலவும் மணியும் இரண்டுமே குறைகின்றன. மணியை மட்டும் கழித்தால் ரேட் பொய்யாக ஏறும்.

படி 4: மணிக்கு என்ன ரேட்

ஆண்டுச் சம்பளம் 2,04,000. பி.எஃப். வகையில் 21,840. இ.எஸ்.ஐ. 6,630. கூட்டினால் 2,32,470. இதை 2,088-ஆல் வகுத்தால் மணிக்கு 111.34 ரூபாய்.

அதில் சம்பளம் மட்டும் 97.70, முதலாளி பங்கு 13.64. தொடக்கத்தில் பார்த்த 81.73-லிருந்து 97.70 வரை ஏறியது விடுப்பாலும் வெறும் நேரத்தாலும், 97.70-லிருந்து 111.34 வரை ஏறியது பங்கால். விடுப்பு நாளுக்கும் பி.எஃப். கட்டுகிறோம், ஆகவே பங்கையும் அதே 2,088 மணியால்தான் வகுக்க வேண்டும். 81.73 மீது 13.96 சதவீதம் போட்டு 93.14 என்று நிறுத்திக்கொள்வது பாதி வழியில் இறங்கிவிடுவது போல.

போனஸும் கிராஜுவிட்டியும் தொழிலாளர் செலவே. அவற்றுக்குத் தனிக் கணக்கு போட்டு இந்த ரேட்டின் மேல் கூட்டிக்கொள்ளுங்கள். ஆண்டு போனஸ் மீது பி.எஃப்.பும் இல்லை, இ.எஸ்.ஐ.யும் இல்லை, எனவே 13.96 சதவீதத்தை அதன் மேல் ஏற்றக் கூடாது.

மேற்செலவில் போட்டால் என்ன கெட்டுவிடும்?

"எங்கே போட்டால் என்ன, மொத்தச் செலவு ஒன்றுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. மொத்தம் ஒன்றுதான். ஆனால் பொருள்வாரிச் செலவு புரண்டுவிடும்.

நம் தொழிற்சாலையில் 40 பேருக்கு மாதம் 94,900 ரூபாய் முதலாளி பங்கு. இதை மேற்செலவில் போட்டு, மேற்செலவை மெஷின் மணி கணக்கில் பொருள்களுக்கு ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஷிப்டில் மாதம் 1,740 மெஷின் மணி. ஒரு மெஷின் மணிக்கு 54.54 ரூபாய் ஏறும்.

ஒரு பம்புக்கு மெஷினிங் அரை மணி, வைண்டிங்கும் அசெம்பிளியும் 3 மணி. அதன் மேல் ஏறுவது 27.27 ரூபாய். உண்மையில் அந்தப் பம்பில் மூன்றரை மணி ஆள் உழைப்பு இருக்கிறது, மணிக்கு 13.64 வீதம் 47.74 ஏறியிருக்க வேண்டும். பம்புக்கு 20.47 ரூபாய் குறைத்துக் காட்டியிருக்கிறோம்.

இப்போது வெளியார் வார்ப்பை வாங்கிக் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். ஒரு மணி மெஷின், ஒரு மணி ஆள், வைண்டிங் கிடையாது. ஏறவேண்டியது 13.64, ஏறுவது 54.54. மணிக்கு 40.90 ரூபாய் கூட. விளைவு என்னவென்றால், ஜாப் ஒர்க் கொட்டேஷன் பக்கத்துப் பட்டறையிடம் தோற்கும். ஆள் வேலை அதிகமுள்ள பம்ப் மலிவாகத் தெரிந்து ஆர்டர் குவியும். வைண்டிங் பிரிவு ராத்திரி பகலாக ஓடியும் ஆண்டுக் கடைசியில் இலாபம் எங்கே என்று தேடுகிற நிலைமைக்கு இது ஒரு பொதுவான காரணம்.

இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் ஏழாவது செலவுக் கணக்குத் தரநிலையும் பி.எஃப். போன்ற நிதிகளுக்கான முதலாளி பங்கை ஊழியர் செலவு என்றே எடுக்கிறது. அரைகுறைச் சரக்கு, முடிந்த சரக்கு ஆகியவற்றின் மதிப்பிலும் அந்த 13.64 உள்ளே இருக்க வேண்டும். அதை விட்டால் மார்ச் 31 இருப்பு குறைவாகவும் அந்த ஆண்டு இலாபம் குறைவாகவும் தெரியும்.

ஓவர்டைம் மணிக்கு வேறு கணக்கு

ஓவர்டைம் இரட்டைக் கூலி: 81.73 இரண்டு மடங்கு 163.46. அதன் மீது பி.எஃப். இல்லை. இ.எஸ்.ஐ. உண்டு, 3.25 சதவீதம் 5.31. ஆக 168.77. சாதாரண மணியின் 111.34-ஐ இரட்டிப்பாக்கி 222.68 என்று போடுவது தப்பு. விடுப்புச் செலவும் பி.எஃப்.பும் சாதாரண மணிகளிலேயே முழுதாக மீட்கப்பட்டுவிட்டன. இன்னொரு நுணுக்கம்: 21,000 வரம்புக்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்ப்பதில்லை, வந்துவிட்டால் பங்கு கட்டும்போது சேர்க்க வேண்டும்.

வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் ஓவர்டைம் என்றால் அந்தக் கூடுதல் முழுவதும் அந்த ஆர்டரில் ஏற வேண்டும். பொதுவான நெருக்கடியால் என்றால் சாதாரண ரேட்டை ஜாபிலும் கூடுதலை மேற்செலவிலும் போடுங்கள். எந்தப் பம்ப் மாலை 6 மணிக்கு மேல் மேசைக்கு வந்தது என்பது வெறும் தற்செயல்தானே.

வரம்பைத் தாண்டுபவர்கள்

பி.எஃப். சம்பள வரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000. அடிப்படை 18,000 வாங்கும் சூப்பர்வைசருக்கு 15,000 மீது மட்டும் கட்டினால் முதலாளி செலவு 1,950. முழு 18,000 மீது கட்டும் தொழிற்சாலையில் 12 சதவீதம் 2,160, நிர்வாகக் கட்டணம் 90, இ.டி.எல்.ஐ. வரம்போடு நின்று 75, ஆக 2,325. உங்கள் தொழிற்சாலை எந்த முறை என்று சம்பளப் பட்டியலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு ரேட் போடுங்கள்.

இ.எஸ்.ஐ.யில் வரம்பு தாண்டியதும் பங்கு நின்றுவிடாது. பங்களிப்புக் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச். ஜூனில் சம்பளம் 20,500-லிருந்து 21,800 ஆனால் செப்டம்பர் வரை முழு 21,800 மீதும் 708.50 கட்ட வேண்டும். அக்டோபரில் அது நின்றுபோகும். அன்றிலிருந்து அவருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு தொழிற்சாலையின் தலையில். ஆகவே தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியிலும் குழு மருத்துவக் காப்பீட்டிலும் அவர் பெயர் அக்டோபர் 1-க்கு முன் ஏறியிருக்க வேண்டும்.

அந்தப் பிரீமியமும் தொழிலாளர் செலவே. ஆண்டுக்கு ஒரு தடவை கட்டுவதைப் பன்னிரண்டாகப் பிரித்து, பாலிசியில் உள்ள ஆட்களின் பிரிவுகளுக்கு ஏற்ற வேண்டும். வரி வரவு கிடைக்காத இடத்தில் பிரீமியத்தின் ஜி.எஸ்.டி.யும் செலவோடு சேரும். கட்டடம், மெஷின், சரக்குக்கான தீ விபத்துப் பாலிசி இந்தக் கணக்கில் வராது; அது மேற்செலவு. "இன்சூரன்ஸ்" என்று ஒரே லெட்ஜர் வைத்திருக்கும் இடங்களில் முதலில் இதைப் பிரித்தாக வேண்டும்.

சேர்க்கக் கூடாதவை

தாமதமாகக் கட்டியதற்கான வட்டியும் அபராதமும் தொழிலாளர் செலவு ஆகாது. அது பணத்தட்டுப்பாட்டின் விலை. பம்பின் மேல் ஏற்றினால் அடுத்த கொட்டேஷனில் வாடிக்கையாளர் அதைச் சுமக்க மாட்டார். ஆய்வுக்குப் பின் கட்டிய பழைய ஆண்டுப் பாக்கியும் நடப்பு ரேட்டில் வரக் கூடாது. அரசிடமிருந்து பங்குக்கான ஊக்கத்தொகை வந்தால் அதைக் கழித்தே செலவு எழுத வேண்டும். தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் எடுத்த அப்ரன்டிஸ்களுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது; அவர்களின் மணிக்கு வேறு ரேட்.

ஒப்பந்தத் தொழிலாளர் பில்லில் பங்கு தனி வரியாக வரும். அதையும் சம்பளத்தோடு சேர்த்து அந்தப் பிரிவிலேயே ஏற்றுங்கள். பில்லைப் பாஸ் செய்வதற்கு முன் சலானையும், அதனுடன் உள்ள ஆள்வாரிப் பட்டியலையும் வாங்கி, வருகைப் பதிவிலுள்ள பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் கட்டாமல் விட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் தொழிற்சாலைதான் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

மாதக் கடைசிச் சோதனை

முதலாளி பி.எஃப். லெட்ஜரை பி.எஃப். சம்பளத்தால் வகுத்தால் 13 சதவீதம் வர வேண்டும். 25 வந்தால் தொழிலாளி பங்கும் உள்ளே புகுந்திருக்கிறது. 13-க்குச் சற்றுக் கூட வந்தால் மாத பி.எஃப். சம்பளம் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள சிறு பட்டறையாக இருக்கலாம். நிர்வாகக் கட்டணம் குறைந்தது 500 ரூபாய் என்பதால் அப்படி வரும். இ.எஸ்.ஐ. லெட்ஜர், ஓவர்டைமும் சேர்ந்த இ.எஸ்.ஐ. சம்பளத்துக்கு 3.25 சதவீதம். 4-ஐ ஒட்டி வந்தால் அதே கோளாறு.

அடுத்து, ஜாப்களில் ஏறிய பங்கு. நம் தொழிற்சாலையில் மாதம் 6,960 மணி ஜாப் கார்டில் ஏறினால் 13.64 வீதம் 94,934 மீண்டிருக்கும், லெட்ஜரில் 94,900. இந்த அளவு வித்தியாசம் முழுமையாக்கத்தால் வருவது. ஆனால் 6,200 மணிதான் ஏறியது என்றால் 84,568 மட்டுமே மீண்டிருக்கும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஜாபில் ஏறாமல் நிற்கிறது. அப்போது விகிதத்தை மாற்றாதீர்கள், ஜாப் கார்டைப் பாருங்கள்; 760 மணி எங்கே போனது என்பதுதான் கேள்வி.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் "சம்பளம்" என்பதன் வரையறையும் மாறியிருக்கிறது. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளத்தோடு சேர்ந்துவிடும். 17,000-இல் அடிப்படையும் பஞ்சப்படியும் 8,000, விலக்குப் படிகள் 9,000 என்று பிரித்திருந்தால் 500 ரூபாய் திரும்பி வந்து அடித்தளம் 8,500 ஆகும். நம் உதாரணத்தில் 14,000 ஏற்கெனவே பாதிக்கு மேல் இருப்பதால் இந்த விதி அதைத் தொடாது. அதே வரையறையில் ஓவர்டைம் படி விலக்குப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே 2025-26 ரேட்டைப் போடும்போது முதலில் எடுக்க வேண்டியது சம்பளப் பட்டியலின் படி நெடுவரிசைகளை. ஒவ்வொன்றும் எந்த அடித்தளத்தில் விழுகிறது என்று குறித்த பிறகுதான் சதவீதத்தைத் தொட வேண்டும்.